"வருவேன்" என்றேன், "வரமாட்டேன்" என்று கேட்டது: நம் ஆங்கிலத்தில் தொலைந்துபோன அரை மாத்திரை

(கேமராவைப் பார்த்து)

நாளை மீட்டிங்குக்கு வர முடியுமா என்று அமெரிக்காவிலிருந்து ஒருவர் போனில் கேட்டார். நான் நிறுத்தி நிதானமாக, "ஐ கேன் கம் டுமாரோ" என்றேன். "ஓ, பரவாயில்லை, வேறொரு நாள் பார்ப்போம்" என்றார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "நோ நோ, ஐ கேன் கம்!" என்று அந்தக் 'கேன்'-ஐ இன்னும் அழுத்திச் சொன்னேன். "புரிகிறது, நோ ப்ராப்ளம்" என்று வைத்துவிட்டார். வர முடியாது என்று ஒருத்தன் இரண்டாவது தடவை கத்தியும் சொன்னால் மனுஷன் வேறென்ன செய்வார்?

ஆமாம், அவர் காதில் விழுந்தது "கேன்ட்". இலக்கணம் சரி, சொல் சரி, எல்லா எழுத்தையும் உச்சரித்தேன். சிக்கலே அங்கேதான், எல்லாவற்றையும் முழுசாக உச்சரித்ததில்தான்.

(திரையில்: ஐ – கேன் – கம் – டு – மா – ரோ)

மேசையைத் தட்டிக்கொண்டே இதைச் சொல்லுங்கள். நம்மில் பெரும்பாலானவர்கள் ஆறு தட்டு தட்டுவோம், ஆறும் ஏறக்குறைய ஒரே பலம். அமெரிக்கர் இரண்டே தட்டுதான்: 'கம்', 'மா'. மீதியெல்லாம் இடுக்கில் நசுங்கிவிடும். "ஐக்ன் *கம்* ட்*மா*ரோ". 'கேன்' என்பதில் உயிரே கிட்டத்தட்ட காணாமல் போய் 'க்ன்' ஆகிவிடுகிறது. அதே ஆள் "வர முடியாது" என்று சொன்னால் மூன்று தட்டு: "ஐ *கேன்ட்* *கம்* ட்*மா*ரோ". அந்தக் கடைசி 'ட்' இருக்கிறதே, அதை அவர்கள் பேச்சில் பெரும்பாலும் நாக்கிலேயே அடக்கிவிடுவார்கள், வெளியே வராது. அதனால் கேட்பவர் 'ட்' வந்ததா என்று பார்ப்பதே இல்லை. 'கேன்' நசுங்கியிருந்தால் முடியும், நிமிர்ந்து நின்றால் முடியாது. நான் நிமிர்த்தி வைத்தேன். அழுத்த அழுத்த இன்னும் முடியாதவன் ஆனேன்!

பிரிட்டிஷ்காரரிடம் இந்த விபத்து குறைவு. அவர்கள் அதைக் 'கான்ட்' என்று ஆகாரம் போட்டுச் சொல்வதால் உயிரே வேறு.

கொஞ்சம் பின்னணி, பதினைந்தே விநாடி. ஆங்கிலம் அழுத்தத்துக்கு அழுத்தம் சம இடைவெளி விடும் மொழி, வேறு சில மொழிகள் அசைக்கு அசை சமம் என்று 1945-இல் கென்னத் பைக் என்ற மொழியியலாளர் பிரித்தார். பின்னாளில் கருவி வைத்து அளந்தபோது அந்தச் சம இடைவெளி கிடைக்கவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் அழுத்தமில்லாத அசையின் உயிர் சுருங்கித் தேயும் என்பது அப்படியே நிற்கிறது. முடிந்தது வரலாறு.

இப்போது எனக்குப் பிடித்த இடம். "தமிழில் உயிரைச் சுருக்கும் பழக்கமே கிடையாது, அதனால்தான் வரவில்லை" என்று பலர் சொல்வார்கள். தப்பு. எட்டாம் வகுப்பில் தூங்கிக்கொண்டே படித்தோமே, குற்றியலுகரம், நினைவிருக்கிறதா?

கண்ணாடி முன் நின்று 'பசு' என்று சொல்லுங்கள். கடைசியில் உதடு குவியும். இப்போது 'காசு' என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். உதடு குவியாது, அந்த உகரம் சோம்பேறித்தனமாக வந்து போகும். முதலாவது முற்றியலுகரம், ஒரு மாத்திரை. இரண்டாவது குற்றியலுகரம், அரை மாத்திரை. எழுத்து ஒன்றுதான், ஆனால் ஒன்று முழுசு, ஒன்று தேய்ந்தது. ஆங்கிலத்தில் அழுத்தமில்லாத உயிருக்கு நேர்வதும் ஏறக்குறைய இதுதான். நாக்கு நிற்கும் உயரம் கொஞ்சம் வேறு, அந்த அலட்சியம் ஒன்றே. ஆகவே தசை நம்மிடம் இருக்கிறது!

பிறகு ஏன் தடுக்கிறது? இடம்தான் காரணம். நம் குற்றியலுகரம் சொல்லின் கடைசியில் மட்டும் வரும், அதுவும் கு, சு, டு, து, பு, று என்ற ஆறு எழுத்தில். சொல்லின் முதல் எழுத்தை அந்த அளவுக்கு நாம் ஒருபோதும் தேய்ப்பதில்லை. ஆங்கிலமோ முதல் அசையிலேயே கை வைக்கும். 'போலீஸ்' என்று நாம் 'போ'வுக்கு முழு இரண்டு மாத்திரை கொடுக்கிறோம். அவர்கள் வாயில் அது 'ப்லீஸ்' மாதிரி இருக்கும். 'டுமாரோ'வும் அப்படித்தான். வாழைப்பழத்தை அவர்கள் சொல்லும்போது இரண்டு ஓரத்து அசைகளும் தேய்ந்து, நடுவில் இருப்பது மட்டும் நீளும். நாம் அந்த மூன்றுக்கும் சம மரியாதை கொடுத்துவிடுகிறோம். சமத்துவம் நல்லதுதான், இங்கே மட்டும் வேண்டாம்.

(திரையில்: ஹோட்டல்)

இந்த ஒரு சொல்லைப் பாருங்கள், நம் மூன்று பழக்கமும் இதில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் அழுத்தம் இரண்டாம் அசையில், ஹொ*டெல்*. நாம் முதல் அசையைத் தூக்கி நிறுத்தினோம். நிமிர வேண்டிய 'டெல்'-ஐ 'டல்' என்று தேய்த்தோம். நடுவில் 'ட்' ஒன்றைச் சேர்த்தோம். ஏன் சேர்த்தோம்? தமிழில் உயிருக்கு நடுவே தனியாக நிற்கும் வல்லினம் மெலிந்து ஒலிக்கும். அது வல்லினமாகவே நிற்க வேண்டுமென்றால் இரட்டிக்க வேண்டும். அதனால்தான் டிக்கெட், ராக்கெட், சிட்டி. ஆங்கிலச் சொல்லுக்குள் இரட்டை மெய் நீள்வதில்லை. நாம் அங்கே நின்று கடக்கும்போது, அழுத்தம் அந்த இடத்தில் விழுந்ததாக அவர்கள் காதுக்குத் தோன்றலாம்.

நீளத்திலும் இதே கதை. குறில் நெடில் நமக்குத் தாய்ப்பால், 'கல்' வேறு 'கால்' வேறு. ஆனால் ஆங்கிலத்தில் நெடில் எப்போதும் இரண்டு மாத்திரை இல்லை, பின்னால் வரும் மெய்யைப் பார்த்துச் சுருங்கும். உட்காரும் சீட், விதைக்கும் சீட். இரண்டையும் தமிழில் எழுதினால் பாருங்கள், ஒன்றுதான்! பேச்சில் நாம் முதலாவதைச் 'சீட்டு', இரண்டாவதைச் 'சீடு' என்று பிரித்துக்கொள்கிறோம். அவர்கள் இருக்கைக்கு ஈகாரத்தை வெட்டுகிறார்கள், விதைக்கு இழுக்கிறார்கள். நாம் வேறுபாட்டை மெய்யில் வைக்கிறோம், அவர்கள் உயிரில் வைக்கிறார்கள்.

சரி, எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? என் கருத்து, வேண்டாம். ஜெனிஃபர் ஜென்கின்ஸ் என்ற ஆய்வாளர் 2000-இல், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தங்களுக்குள் பேசும்போது இந்தத் தேய்த்தல் அவசியமில்லை என்றார். உயிரின் நீளமும் வாக்கியத்தின் முக்கிய அழுத்தமும் வேண்டும் என்றார். சென்னைக்காரர் மும்பைக்காரரிடம் முழுக் 'கேன்' சொல்லலாம், குடிமுழுகாது. அமெரிக்கரிடம் பேசுபவர்கள் இந்த ஒரு சொல்லை மட்டுமாவது பழகுங்கள்.

பழகுவது இப்படி. முதலில் 'ஐ கம்' என்று இரண்டே அசை சொல்லுங்கள். அப்புறம் நடுவில் 'காசு'வின் கடைசி உகரம் போல ஒரு 'க்ன்' செருகுங்கள், 'ஐ கம்' எடுத்த நேரம் கூடக் கூடாது. போனில் பதிவு செய்து, மேசைத் தட்டை எண்ணுங்கள். ஒரு எச்சரிக்கை: "யெஸ், ஐ கேன்" என்று வாக்கியம் அதிலேயே முடிந்தால் தேய்க்கக் கூடாது, அங்கே அது முழுசாகத்தான் வரும். புதிதாகக் கற்றவர்கள் அங்கேயும் 'க்ன்' போட்டுவிட்டுத் தொண்டை அடைத்தவர் போல நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன்.

யாராவது அமெரிக்கரோடு பேசும்போது 'முடியும்' என்று சொல்லி 'முடியாது' ஆன கதை உங்களிடம் இருந்தால் கமென்ட்டில் போடுங்கள். அன்று அந்த மீட்டிங் என்ன ஆனது என்று கேட்பவர்களுக்கு: "ஷ்யூர், ஐ வில் பி தேர்" என்று மெயில் அனுப்பினேன். எழுத்தில் யாரும் 'கேன்'-ஐத் தேய்க்கச் சொல்வதில்லை.