ஆஞல், சென்ருன்: ஒரு பழைய நாவல் மறுபடி அச்சேறும்போது

(தர்மபுரியில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோர் எல்லோருக்கும் வணக்கம். அரூரிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

அ. மாதவையாவின் 'பத்மாவதி சரித்திரம்' நாவலை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். முதல் பாகம் 1898இல் வந்தது, இரண்டாம் பாகம் 1899இல். தமிழில் முதன்முதலாக எழுதப்பட்ட நாவல்களில் ஒன்று. ஆனாலும் இங்கே இருக்கிற கல்லூரிப் பிள்ளைகளில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? மாதவையா 1925இல் காலமானார். ஆசிரியர் இறந்து அறுபது வருஷம் கழிந்தால் பதிப்புரிமை தீர்ந்துவிடும். எனவே இதை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம், தடையில்லை. தடை இருப்பது பக்கத்தில்தான். அந்தக் காலத்து அச்சை அப்படியே கொடுத்தால் இன்றைய வாசகர் பத்தாவது பக்கத்தில் மூடி வைத்துவிடுவார். அதற்காகச் சிலர் மொழியையே மாற்றி எழுதிவிடுகிறார்கள். விவாகம் என்று இருப்பது திருமணம் ஆகிவிடுகிறது. நான் அதை ஒப்புக்கொள்ளமாட்டேன். அச்சில் இருக்கும் முட்டுக்கட்டையை எடுக்கலாம், ஆசிரியர் எழுதிய ஒரு சொல்லையும் தொடக்கூடாது. பதிப்பாசிரியரின் வேலை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

முதலில் பழைய பக்கத்தைப் புது எழுத்தில் ஏற்ற வேண்டும். இன்று பெரும்பாலும் ஸ்கேன் செய்து, கணினியையே எழுத்துகளைப் படிக்க வைக்கிறார்கள். அங்கே வரும் பிழை விசித்திரமாக இருக்கும். 'ஆனால்' என்பது 'ஆஞல்' என்று வரும். 'சென்றான்' என்பது 'சென்ருன்' என்று வரும். ஏன்? 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. ணா, றா, னா மூன்றும் அதற்கு முன்பு துணைக்கால் தனியாக நிற்காமல் சுழித்து ஒட்டியே இருந்தன. ணை, லை, ளை, னை நான்குக்கும் மேலே யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு இருக்கும். அந்தச் சுழியைப் பார்க்கிற இயந்திரம் 'னா'வை 'ஞ' என்றும், 'றா'வை 'ரு' என்றும் படித்துவிடுகிறது.

இந்த வகைப் பிழைக்கு நான் பயப்படுவதில்லை. 'ஆஞல்' என்று ஒரு சொல் தமிழில் கிடையாது, ஆகவே கண்ணில் குத்தும், தேடி மாற்றிவிடலாம். சரியான சொல்லின் வேஷத்தில் வருகிற பிழைதான் கஷ்டம். கொம்பின் சுழி மங்கியிருந்தால் 'கோடி' 'கொடி'யாகிவிடும், அடியில் இருக்கும் கோடு மங்கியிருந்தால் 'ஏடு' 'எடு'வாகிவிடும். இரண்டுமே உண்மையான சொற்கள் என்பதால் எந்தப் பிழைதிருத்தியும் பிடிக்காது. இதற்கு இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் பழைய பிரதியைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் புதுப் பக்கத்தில் விரல் வைத்துத் தொடர்ந்து வர வேண்டும். மூன்று நூறு பக்க நாவல் என்றால் ஒரு மாதம் ஓடிவிடும். எத்தனையோ மறுபதிப்புகள் இந்த இடத்தில் அவசரப்பட்டுத்தான் கெட்டுப்போகின்றன.

அப்புறம் சொற்களைப் பிரிப்பது. பழைய அச்சில் வரி எப்படி ஓடும் என்று காட்ட நானே ஒரு மாதிரி வரி எழுதி வந்திருக்கிறேன்: 'அவரிதைக்கேட்டவுடனே யெழுந்திருந்து கடிதத்தை யெழுதிவிட்டாரென்று சொன்னாள்.' இதை 'அவர் இதைக் கேட்டவுடனே எழுந்திருந்து கடிதத்தை எழுதிவிட்டார் என்று சொன்னாள்' என்று பிரிக்கலாம். சொல் ஒன்றும் மாறவில்லை, மூச்சு விட இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, இதே வேகத்தில் 'எழுந்திருந்து' என்பதையும் 'எழுந்து இருந்து' என்று பிரித்தால் என்ன ஆகும்? எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிடுவார்! 'எழுதிவிட்டார்' என்றால் எழுதி முடித்தார். 'எழுதி விட்டார்' என்று இடைவெளி போட்டால், எழுதி யாரிடமோ கொடுத்து அனுப்பினார் என்று படிக்க இடமுண்டு. ஆகவே பெயரும் வினையும் புணர்ந்து நிற்கும் இடத்தில் பிரிக்கலாம், துணைவினையைப் பிரிக்கவே கூடாது. இந்த விதியை முதல் பக்கம் தட்டுவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பாதி நாவலில் ஒரு விதமும் மீதியில் வேறு விதமும் பிரித்தால் வாசகருக்குக் காரணம் தெரியாது, ஆனால் தடுக்கும்.

குறிப்புக்கு வருகிறேன். அகராதியில் கிடைக்கிற கடினச் சொல்லைவிட, தெரிந்த சொல் மாதிரி இருந்து ஏமாற்றுகிற சொல்லுக்குத்தான் குறிப்பு அவசரம். அந்தக் காலத்துக் கதையில் ஒருவன் மெட்ரிகுலேஷன் தேறினான் என்று வந்தால், நம் ஊர்ப் பிள்ளை அதைப் பள்ளிக்கூட வகை என்று நினைக்கும். அன்று அது பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதற்கான பரீட்சை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எப்.ஏ., அப்புறம்தான் பி.ஏ. 'கலெக்டர் கச்சேரிக்குப் போனார்' என்றால் பாட்டுக் கேட்கப் போகவில்லை, ஆபீசுக்குப் போனார். ஒரு பழைய நாவலில் சேலம் ஜில்லா என்று வந்தால், நாம் உட்கார்ந்திருக்கும் தர்மபுரியும் அதற்குள்தான் இருந்தது. 1965இல்தான் தனி மாவட்டமானோம், கிருஷ்ணகிரி நம்மிடமிருந்து 2004இல் பிரிந்தது. இங்கே படிப்பவருக்கு அந்த ஒரு வரிக் குறிப்பு கதையைப் பக்கத்தில் கொண்டுவந்துவிடும்.

நேரமும் பணமும் தனியாகச் சொல்ல வேண்டியவை. உதயத்துக்கு மேல் பத்து நாழிகை என்றால், நாழிகைக்கு 24 நிமிஷம், ஆக நான்கு மணி நேரம். ஆறு மணிக்குச் சூரியன் உதித்தால் காலை பத்து மணி. குறிப்பில் 'காலை சுமார் பத்து மணி' என்று மட்டும் போட்டால் போதும். கணக்கைப் பின்னிணைப்பில் ஒரு முறை சொல்லிக்கொள்ளலாம். பணத்தில் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. 1957 ஏப்ரல் முதல் தேதியில்தான் நூறு காசுக் கணக்கு வந்தது. இவ்வளவும் சொல்லலாம், 'இன்றைய மதிப்பில் இத்தனை ஆயிரம்' என்று மட்டும் எழுத வேண்டாம். அந்த எண் அடுத்த பதிப்புக்குள் பொய்யாகிவிடும். அதே நாவலில் ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளம் எங்காவது சொல்லப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ஒரு நகையின் விலை அவனுக்கு எத்தனை மாதச் சம்பளம் என்று வாசகரே கண்டுகொள்வார்.

முன்னுரை நாலைந்து பக்கம் இருந்தால் போதும். எந்த வருஷத்துப் பிரதியை மூலமாக வைத்தோம், எதைப் பிரித்தோம், எதைத் தொடவில்லை, ஆசிரியர் யார் என்பவை வந்தால் சரி. பிரதி எது என்பதை லேசாக நினைக்க வேண்டாம். பாடப் புத்தகத்துக்காகச் சுருக்கிய பிற்காலப் பதிப்பு கையில் கிடைத்து, அதையே முழு நாவல் என்று அச்சடிக்கிற ஆபத்து உண்டு. முதல் பதிப்போடு வைத்து அத்தியாய எண்ணிக்கையையும், ஒவ்வொரு அத்தியாயத்தின் முதல் வரியையும் கடைசி வரியையும் ஒப்பிட்டால், பெரிய வெட்டுகள் அன்றைக்கே தெரிந்துவிடும். நடுவில் உருவப்பட்ட பத்திகள் வாசித்துப் பார்க்கும்போது அகப்படும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மாதிரி பழம்பிரதி சேர்த்து வைத்திருக்கும் இடங்களில் தேடலாம். செல்லரித்த ஒரு பிரதியில் இல்லாத பக்கம் இன்னொன்றில் இருக்கும்.

பத்மாவதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பல வருஷம் கழித்து மாதவையா தம்முடைய 'பஞ்சாமிர்தம்' பத்திரிகையில் மூன்றாம் பாகத்தைத் தொடங்கினார். முடிப்பதற்குள் போய்விட்டார். அதை இரண்டாம் பாகத்தின் வாலோடு ஒட்டிவிட்டால், முடிந்த நாவல் முடியாத நாவலாகிவிடும். விட்டுவிட்டால் ஆசிரியர் எழுதியது மறைந்துபோகும். நான் செய்தால் இரண்டு பாகத்தையும் முடித்து, ஒரு வெற்றுப் பக்கம் விட்டு, பின்னிணைப்பாகத் தனித் தலைப்பில் போடுவேன். எந்த வருஷம், எந்தப் பத்திரிகை, எந்த இடத்தில் நின்றது என்பதை அதன் தலையிலேயே எழுதுவேன். அந்தப் பாகத்தைப் பற்றிய பேச்சு முன்னுரையில் வராது, ஏனென்றால் அது முதல் இரண்டு பாகத்தின் கதையைச் சொல்லிவிடும். அது பின்னுரையில் இருக்கட்டும்.