மேஸ்திரி படித்துக் காட்டிய தகரம்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கையில் ஒரு துண்டு கூரைத் தகரத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், இந்த ஓட்டையைப் பாருங்கள். போல்ட் போட்ட ஓட்டை வட்டமாகத்தானே இருக்க வேண்டும்? இது சாவித் துவாரம் மாதிரி நீண்டிருக்கிறது. திருப்பிப் பார்த்தால் அதன் ஓரமெல்லாம் கீழ்ப்பக்கமாக மடங்கியிருக்கிறது. இந்தத் துண்டை ஆறேழு வருஷமாக வைத்திருக்கிறேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி முதல் நாளில் என் கையில் கொடுத்தது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு அடுத்த மாதம் அங்கே ஒரு மாட்டுக்கொட்டகைக்குப் புதுக் கூரை போடப் போனோம். கிழக்கே சரிந்த ஒற்றைச் சாய்ப்பு. வடக்கு தெற்காக இருபத்தோரு அடி நீளம். மேஸ்திரிக்கு எழுபதை நெருங்கிய வயது, நான் கையாள். நான் நேராகப் புது ஷீட்டைத் தூக்கப் போனேன். "இருடா தம்பி, முதல்ல பழசைப் படிப்போம்" என்றார்.

தோப்பில் கிடந்த ஷீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "ஓட்டையோட ஓரம் எந்தப் பக்கம் மடங்கியிருக்கு?" கீழே என்றேன். "அப்படின்னா வாஷர் அங்கேயே நின்னிருக்கு, ஷீட்டுதான் அதை உருவிக்கிட்டு மேலே போயிருக்கு. காத்து இதைத் தள்ளலை, தூக்கியிருக்கு."

எனக்கு அது புதுசு. புயல் கூரையை அமுக்கும், சாய்க்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் விளக்கினார்: காற்று கூரை மேலே வேகமாக ஓடும்போது மேல்பக்கம் அழுத்தம் குறைந்துவிடுகிறது, அதனால் ஷீட்டை மேலே இழுக்கிறது. கொட்டகை ஒரு பக்கம் திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்று கீழேயிருந்தும் முட்டுகிறது. இரண்டும் சேர்ந்து ஓரத்திலும் மூலையிலும்தான் அதிகம் பிடிக்கும். அந்தக் கொட்டகையிலும் வடக்கு ஓரத்து ஷீட்டுகள் போயிருந்தன, நடுவில் நாலைந்து அப்படியே இருந்தன. அவை நல்ல ஷீட், இவை மட்டமான ஷீட் என்றெல்லாம் இல்லை. எல்லாம் ஒரே நாளில் வாங்கியவை.

அப்புறம் ஷீட்டைத் தாங்குகிற குறுக்குக் குழாயான பர்லின் பைப்பில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு ஜே போல்ட்டைக் காட்டினார். கொக்கி நிமிர்ந்து நேர்க்கம்பி மாதிரி ஆகியிருந்தது. ஆக, ஒரே கூரையில் இரண்டு விதமான தோல்வி. ஓட்டை கிழிந்த இடத்தில் வாஷர் சின்னது, போல்ட்டும் தூரம் தூரமாக இருக்கிறது. கொக்கி நிமிர்ந்த இடத்தில் பிடிப்புக்குப் பலம் போதவில்லை. பைப்பே சுவரிலிருந்து பிடுங்கியிருந்தால் அது மூன்றாவது, அங்கே ஷீட்டில் என்ன செய்தும் பயனில்லை. நல்லவேளை, பைப்புகள் அசையவில்லை.

சரி, வேலை ஆரம்பமானது. நான் செய்த தப்பு இங்கேதான். ஏணி வடக்குப் பக்கம் இருந்தது, அதனால் வடக்கிலிருந்தே ஷீட்டை அடுக்கிக்கொண்டு போனேன். நாலு ஷீட் போட்டாயிற்று. மேஸ்திரி வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடும் நேரம். வீட்டம்மா கொடுவா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். மேஸ்திரி என் விரலைப் பிடித்து மீனின் தலையிலிருந்து வாலுக்குத் தடவ வைத்தார். வழுக்கிக்கொண்டு போனது. வாலிலிருந்து தலைக்குத் தடவச் சொன்னார். செதிலெல்லாம் நிமிர்ந்து விரலில் குத்தியது.

"நம்ம ஊருக்கு ஐப்பசி கார்த்திகை மழை எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்?" வாடைக்காற்றோடு வடக்கிலிருந்து என்றேன். "அப்போ வடக்குதான் தலை. நீ செதிலை வடக்கே பார்த்து வச்சிருக்கே."

அவ்வளவுதான் விஷயம். காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, அதாவது தெற்கு ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும். அடுத்த ஷீட் முந்தையதன் வடக்கு ஓரத்து மேலே ஏறும். அப்போது மேல் ஷீட்டின் திறந்த விளிம்பு தெற்கே பார்க்கும், வடக்கிலிருந்து அடிக்கிற சாரல் அதைத் தாண்டிப் போய்விடும். நான் போட்ட விதத்தில் ஒவ்வொரு விளிம்பும் சாரலுக்கு வாயைத் திறந்து வைத்திருந்தது. நாலையும் கழற்றினேன்.

அடுத்தது, ஒரு ஷீட்டை இன்னொன்றின் மேல் எவ்வளவு ஏற்றுவது. வீட்டுக்காரர் வரிசைக்கு ஒன்பது ஷீட் வாங்கி வைத்திருந்தார். ஷீட்டின் அகலம் 32 அங்குலம், ஒரு நெளிவு, அதாவது ஒரு மேடும் ஒரு பள்ளமும், 3 அங்குலம். ஒரு நெளிவு மட்டும் ஏற்றினால் ஒன்பது ஷீட்டில் 264 அங்குலம் வரும், 252 அங்குலக் கொட்டகைக்கு அது போதும். மேஸ்திரி இரண்டு நெளிவு ஏற்ற வேண்டும் என்றார். அப்படிச் செய்தால் ஒன்பது ஷீட் 240 அங்குலத்தில் நின்றுவிடும், பத்தாவது வேண்டும். வீட்டுக்காரருக்கு மனசில்லை. மேஸ்திரி இரண்டு துண்டுகளை ஒரு நெளிவு மட்டும் ஏற்றி வைத்து, செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிப் பக்கவாட்டில் ஊதினார். இரண்டு தகரமும் ஒட்டியிருந்த இடுக்கில் தண்ணீர் தானாக ஏறி, மேட்டைத் தாண்டிக் கீழே சொட்டியது. இரண்டு நெளிவு ஏற்றிய பிறகு, முதல் மேட்டைத் தாண்டிய தண்ணீர் அடுத்த பள்ளத்தில் விழுந்து அதன் வழியாகவே வடிந்துபோனது. வீட்டுக்காரர் பத்தாவது ஷீட்டுக்கு ஆள் அனுப்பினார். மிஞ்சிய அளவை வெட்டி எறியாமல் ஓரத்து ஏற்றங்களில் மூன்று நெளிவாகவே கொடுத்துவிட்டோம்.

சரிவு வாக்கில் மேல் வரிசை ஷீட்டும் கீழ் வரிசை ஷீட்டும் சேரும் இடத்தில் சரிவு அதிகமென்றால் 6 அங்குலம், சரிவு குறைந்தால் 8 அங்குலம் ஏற்றுவார். எங்கள் சாய்ப்பு தட்டைதான், 8 வைத்தோம்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். செதில் திசை மழைச்சாரலுக்குத்தான். புயலின் கண் கடந்தால் காற்று முதலில் ஒரு பக்கமும், கொஞ்ச நேரம் அடங்கி அப்புறம் எதிர்ப்பக்கமும் அடிக்கும். அப்போது போல்ட்தான் காப்பாற்ற வேண்டும்.

ஓட்டை எப்போதும் மேட்டில்தான், பள்ளத்தில் தண்ணீர் ஓடும். நடுவில் மூன்று நெளிவுக்கு ஒரு போல்ட். நான்கு ஓரங்களிலும் ஒன்று விட்டு ஒன்று. ஓரத்தில் ஜே போல்ட்டுக்குப் பதில் பைப்பைச் சுற்றிப் பிடிக்கிற யூ போல்ட் போட வைத்தார், அதற்கு நிமிர வழியில்லை. வடக்கு ஓரத்தில் ஷீட்டு மேலேயே நீளமாக ஓர் இரும்புப் பட்டை வைத்து அதன் வழியாகப் போல்ட்டை இறக்கினோம். வாஷர் ஒரு காசளவு இடத்தைத்தான் பிடிக்கும், பட்டை அந்த இழுவையை ஓரம் முழுக்கப் பகிர்ந்துகொள்ளும்.

முறுக்குவதில் எனக்கு ஆர்வம் ஜாஸ்தி. முதல் நட்டை முழு பலத்தோடு முறுக்கினேன். மேடு நசுங்கி, ஓட்டையைச் சுற்றிக் குழி விழுந்தது. அவர் அதில் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார், அது அங்கேயே நின்றது. தார் வாஷர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்தச் சொன்னார். பிறகு நான் போட்ட ஒவ்வொரு நட்டையும் கண்ணால் பார்க்காமல் கட்டைவிரலை வாஷர் ஓரத்தில் சுற்றி ஓட்டியே சரிபார்த்தார்.

கடைசியில் கூரைமேல் கிடந்த துளைத்த இரும்புத் தூளைத் துடைப்பத்தால் பெருக்கச் சொன்னார், விட்டால் அந்த இடத்திலேயே துரு பிடிக்கும் என்று. இருட்டுகிற வரை பெருக்கினேன். இறங்கியபோதுதான் இந்தத் துண்டை வெட்டிக் கொடுத்தார்.