ரீடச்சிங் வேலையைப் படம் எடுக்கும்போதே குறைப்பது: ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி, இரண்டு படங்கள்

(திரையில்: ஒரே மனிதரின் இரண்டு அரை உருவப் படங்கள், பக்கம் பக்கமாக.)

நீங்கள் பார்க்கும் இரண்டு படங்களும் ஒரே வீட்டில், காலை வெளிச்சத்தில், ஒரே கேமராவில் எடுக்கப்பட்டவை. மணிவிழா அழைப்பிதழில் அச்சிடுவதற்காக, பணி ஓய்வு பெற்ற ஒருவரைப் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடத்தில் அமர வைத்து எடுத்தேன். இடப்பக்கப் படத்தைக் கணினியில் ரீடச்சிங் செய்து சரிசெய்ய எனக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடித்தது. அப்படியும் அது சரியாக வரவில்லை என்பதால் மறுபடியும் போய் வலப்பக்கப் படத்தை எடுத்தேன். அதற்குப் பத்து நிமிடத் திருத்தமே தேவைப்பட்டது. இடையில் புதிதாக எந்தக் கருவியும் வாங்கவில்லை.

(திரையில்: முதல் படத்தின் கன்னம், பெரிதாக்கப்பட்டு.)

முதலில் தோலைப் பாருங்கள். நெற்றியில் உள்ள ஒவ்வொரு கோடும், கன்னத்தில் உள்ள ஒவ்வொரு துளையும் தனித்தனியாகத் தெரிகின்றன. அவருடைய தோல் உண்மையில் அப்படி இல்லை. தவறு நாற்காலியைப் போட்ட விதத்தில்தான் இருந்தது. ஜன்னல் அவருக்கு நேர் பக்கவாட்டில், அதாவது மூக்கு பார்க்கும் திசைக்குத் தொண்ணூறு பாகையில் இருந்தது. அப்படி வரும் வெளிச்சம் முகத்தின் முன்பரப்பை உரசிக்கொண்டு போகிறது. மாலை வெயிலில் வயல் வரப்பின் சின்ன மேடுகூட நீண்ட நிழல் போடுவதைப் போல, தோலில் உள்ள மிகச் சிறிய மேடுபள்ளமும் தனக்கென்று ஒரு நிழலைப் போட்டுக்கொள்கிறது. பிறகு கணினியில் நாம் தோலை வழவழப்பாக்குகிறோம் என்று சொல்வது, பெரும்பாலும் அந்த ஆயிரக்கணக்கான நிழல்களை ஒவ்வொன்றாக அழிப்பதுதான்.

இரண்டாவது முறை நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சம் மூக்கின் திசைக்குச் சுமார் நாற்பத்தைந்து பாகையில் விழும்படி செய்தேன். நாலடி அகல ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தள்ளி அமர்ந்தால், ஜன்னல் முகத்தை விடப் பல மடங்கு பெரிய ஒளிமூலமாக இருக்கும். நிழலின் ஓரங்கள் மென்மையாகிவிடும். ஜன்னலை விட்டு விலக விலக, முகத்துக்கு அது சிறிய ஒளிமூலமாகிவிடுவதால் நிழல் மறுபடியும் கூர்மையாகும். நேர் வெயில் உள்ளே வந்தால் கம்பி நிழல் முகத்தில் கோடு போடும். அதற்கு ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டால் போதும். மறுபக்கக் கன்னம் மிகவும் இருண்டால், அந்தப் பக்கத்தில், படத்தின் சட்டத்துக்கு வெளியே ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தி வையுங்கள்.

(திரையில்: ஒரு கை, ஜன்னல் முன் மெதுவாகச் சுழல்கிறது.)

பாகைமானி எதுவும் வேண்டாம். முகம் இருக்கப்போகும் இடத்தில் உங்கள் புறங்கையை நீட்டி, மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு நிலையில் விரல் மூட்டின் சுருக்கங்கள் எல்லாம் எழுந்து நிற்கும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் அவை அடங்கிவிடும், ஆனால் கையின் உருண்ட வடிவம் தெரிந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். அதையும் தாண்டி வெளிச்சத்தை முற்றிலும் நேர் எதிரே கொண்டுவந்துவிட்டால் முகம் தட்டையாகிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

கூரையோரம் எரியும் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். அது மேலிருந்து விழுந்து கண்ணுக்குக் கீழே பை போன்ற நிழலை உண்டாக்குவதோடு, ஜன்னல் வெளிச்சத்தின் நிறத்தோடு ஒத்துப்போவதும் அரிது. மூக்குக் கண்ணாடி அணிந்திருந்தால் ஜன்னல் அதில் வெள்ளைக் கட்டமாகத் தெரியும். கண்ணாடியின் காதுப் பிடிகளை ஒரு சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தால் கண்ணாடிப் பரப்பு கீழ்நோக்கிச் சாய்ந்து, பிரதிபலிப்பு பெரும்பாலும் விலகிவிடும்.

(திரையில்: கேமராவிலிருந்து முகத்துக்கு இழுக்கப்பட்ட அளவு நாடா.)

இரண்டாவது விஷயம் தூரம். முதல் படத்தில் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்வாங்கியும் இருப்பதைக் கவனியுங்கள். கேமராவோடு வந்த கிட் லென்ஸை அதன் அகலக் கோணமான 18 மி.மீ.யில் வைத்து, அரை உருவம் சட்டத்தில் நிரம்பும் வரை நெருங்கினேன். முகத்துக்கும் கேமராவுக்கும் இடையே 70 செ.மீ. மட்டுமே இருந்தது. மூக்கு நுனியிலிருந்து காது சுமார் 10 செ.மீ. பின்னால் இருப்பதாகக் கொண்டால், மூக்கு 70 செ.மீ. தொலைவிலும் காது 80 செ.மீ. தொலைவிலும் இருக்கின்றன. எனவே காதின் அளவோடு ஒப்பிட, மூக்கு ஏறத்தாழ 14 சதவீதம் பெரிதாகப் பதிவாகிறது. இரண்டு மீட்டர் தள்ளி நின்று, அதே லென்ஸை 50 மி.மீ.க்குக் கொண்டுவந்தால், சட்டத்தில் ஏறக்குறைய அதே அளவு உருவம் நிற்கும். ஆனால் தொலைவுகள் 200, 210 செ.மீ. ஆகிவிடுவதால் வேறுபாடு 5 சதவீதமாகக் குறைகிறது. கோத்து வைத்த கைகள் முகத்தை விட 20 செ.மீ. முன்னால் இருந்தால், 70 செ.மீ.யில் அவை முகத்தோடு ஒப்பிட 40 சதவீதம் பெரிதாகும். இரண்டு மீட்டரில் 11 சதவீதம்தான்.

முகத்தைக் கெடுப்பது அகலக் கோண லென்ஸ் என்று பொதுவாகச் சொல்கிறோம். உருவத்தின் விகிதத்தை முடிவு செய்வது நாம் நிற்கும் தூரம். லென்ஸ் நம்மை நெருங்க வைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே முதலில் இரண்டு மீட்டரில் நின்றுகொண்டு, பிறகு ஜூம் செய்யுங்கள். கைபேசியிலும் இதையே செய்து, இரண்டு மடங்கு ஜூமைப் பயன்படுத்தலாம். லிக்விஃபை கருவியால் மூக்கைச் சுருக்கிவிடலாமே என்று தோன்றும். நானும் சுருக்கினேன். ஆனால் கன்னத்துக்குப் பின்னால் மறைந்துபோன காதை அந்தக் கருவியால் வெளியே கொண்டுவர முடியாது. அதனால்தான் அவருடைய மனைவி படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இவர் மாதிரி இல்லையே" என்றார்.

(திரையில்: முதல் படத்தின் தாடை, வெள்ளைச் சட்டைக் காலர்.)

மூன்றாவது, பின்னணி. கூடத்தின் சுவர் பிஸ்தா பச்சை; அவர் அதை ஒட்டி அமர்ந்திருந்தார். சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் தாடையின் நிழல் பக்கத்தையும் காலரையும் பச்சையாக்கியது. படம் முழுவதன் நிறத்தையும் ஒன்றாக மாற்றும் ஒயிட் பேலன்ஸால் இதைத் தீர்க்க முடியாது, ஏனென்றால் பச்சையைக் குறைக்கும்போது ஜன்னல் பக்கக் கன்னம் ஊதாச் சிவப்புக்குப் போய்விடுகிறது. திருத்தம் தாடைப் பகுதியில் மட்டும் விழும்படி கணினியில் மாஸ்க் போட்டு நிறம் மாற்றினேன். அதன் எல்லை நரைத்த தாடி மயிரில் தெரிந்துவிட்டது. சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் விலகி அமர்ந்திருந்தால் இந்தச் சாயல் வெகுவாகக் குறைந்திருக்கும். சந்தேகமாக இருந்தால் சுவர்ப்பக்கக் கன்னத்தருகே ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துப் பாருங்கள். அதில் பச்சை ஏறினால் தோலிலும் ஏறும்.

இரண்டாவது முறை பின்னணியாகத் தேக்குக் கதவைத் தேர்ந்தெடுத்தேன். நரைமுடி வெளிர் சுவரில் கரைந்துவிடும். பழுப்புக் கதவின் முன் ஒவ்வோர் இழையும் பிரிந்து தெரியும். கருத்த முடி உள்ளவரை அதே கதவின் முன் நான் உட்கார வைக்க மாட்டேன். கதவுக்கும் நாற்காலிக்கும் ஒன்றரை மீட்டர், நாற்காலிக்கும் கேமராவுக்கும் இரண்டு மீட்டர் என்று விட்டபின், அந்தக் கூடத்தில் எனக்கு நிற்க இடமில்லாமல் வாசற்படிக்கு வெளியே நின்றுதான் எடுத்தேன். அங்கிருந்து பார்த்தபோது காதருகே காலண்டர் ஆணி ஒன்று தெரிந்தது. அரை அடி இடப்பக்கம் நகர்ந்ததும் அது தலைக்குப் பின்னால் மறைந்தது.

(திரையில்: இரண்டாவது படம், முழுமையாக.)

இந்தப் படத்தில் திருத்தியவை இரண்டு: சவரம் செய்தபோது பட்ட ஒரு கீறல், இடது கண்ணாடியின் மேல் ஓரத்தில் நான் கவனிக்கத் தவறிய மெல்லிய வெள்ளைக் கோடு. கன்னத்து மச்சத்தைத் தொடக் கூடாது என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.