கண்ணாடி ஷேடும் சாண்ட்லியரும்: கழட்டாம பிசுக்கு எடுக்குறது எப்படி?

கேள்வி: "அண்ணே, எங்க வீடு களியக்காவிளை பக்கம். சாப்பாட்டு மேசைக்கு மேல ஒரு சாண்ட்லியர் தொங்குது, ஆறு கண்ணாடி ஷேடு, சுத்தி நிறைய கிரிஸ்டல். அடுக்களை பக்கத்துலயே இருக்கதனால தூசி எண்ணெயில ஊறி ஒட்டிப் போச்சு. கடையில வாங்கின ஸ்பிரே அடிச்சேன், கறுப்புக் கோடு கோடா ஆயிட்டு. கழட்டாம துடைக்க வழி உண்டுமா?"

உண்டும் தங்கச்சி, வழி உண்டும். ஆனா நீங்க கேக்காம விட்ட ஒரு கேள்விதான் எனக்கு முதல்ல வருது. அந்தக் கிரிஸ்டல் கண்ணாடியா, அக்ரிலிக்கா? பாக்கதுக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் மின்னும். விரலோட பின்பக்கத்தை வச்சுப் பாருங்க. கண்ணாடின்னா சில்லுன்னு இருக்கும், கையில ஏந்தினா கனம் தெரியும், நகத்தால தட்டினா 'டிங்'குன்னு கேக்கும். அக்ரிலிக் சில்லுன்னு இருக்காது, தட்டினா 'டக்'குன்னு ஒரு மொட்டைச் சத்தம். ஓரத்துல அச்சுல வார்த்த மெல்லிசான கோடு இருந்தாலும் அக்ரிலிக்தான்னு சந்தேகப்படலாம்.

இதை ஏன் இவ்வளவு சொல்லுதேன்னா, கிரிஸ்டல் துடைக்க எல்லாரும் சொல்லுத மருந்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். கண்ணாடிக்கு அது நல்லது. அக்ரிலிக்ல பட்டா முடி போல விரிசல் விழலாம். சிலதுல உடனே தெரியும், சிலதுல நாலு நாள் கழிச்சுத் தெரியும். விழுந்த விரிசலை எடுக்க வழியே கிடையாது. அதனால அக்ரிலிக்னா ஆல்கஹாலும் வேண்டாம், கண்ணாடி துடைக்குத நீல ஸ்பிரேயும் வேண்டாம். சோப்பு வெள்ளம் மட்டும் போதும்.

இனி அந்தக் கறுப்புக் கோடு. ஸ்பிரே அடிச்சு சொட்டு சொட்டா வடிய விடுத முறை, காய்ஞ்ச தூசி மட்டும் இருக்க விளக்குக்கு உள்ளது. உங்க விளக்குல இருக்கது எண்ணெய். ஸ்பிரே மேல உள்ள தூசியைக் கரைச்சுக் கீழ இழுக்கும், அடியில உள்ள பிசுக்கு அசையாது. இழுத்த அழுக்கு போய் அந்தப் பிசுக்குலயே ஒட்டும். அதுதான் கோடு. மிச்ச ஈரம் கிரிஸ்டலைத் தொங்கவிடுத கம்பிப் பின் மாட்டின ஓட்டைக்குள்ள போயி அந்தக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், பல்பு ஹோல்டருக்குள்ளயும் இறங்கும். ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க: வெள்ளம் துணிக்குத்தான் போகணும், விளக்குக்குப் போகக் கூடாது.

என்ன எண்ணெய்ல பொரிக்கீங்கங்கதும் முக்கியம். தேங்காய் எண்ணெய் காத்துல இறுகாது. நம்ம ஊர்ச் சூட்டுக்கு இளகியே இருக்கும், இளஞ்சூட்டு சோப்பு வெள்ளத்துல வழுக்கிட்டு வந்துரும். சூரியகாந்தி எண்ணெய் அப்படி இல்ல. அது காத்தோட சேந்து மெல்ல இறுகி, மஞ்சளா கோந்து மாதிரி ஆயிரும். நகத்தால சுரண்டிப் பாருங்க. வழுக்கினா ஒரு தடவை துடைச்சா போதும், பிடிச்சு இழுத்தா ரெண்டு மூணு தடவை வேணும்.

சரி, வேலைக்கு வருவோம். சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது. சில வீட்டுல சுவிட்ச் நியூட்ரல் கம்பியில மாட்டியிருப்பாங்க, அணைச்ச பிறகும் ஹோல்டர்ல கரண்ட் நிக்கும். எம்சிபியை இறக்குங்க, அரை மணி நேரம் பல்பு ஆறட்டும். ஒவ்வொரு பல்பையும் ஹோல்டரோட சேத்து சின்னப் பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டுங்க. மேசையை நகத்திட்டுத் தரையில பழைய கம்பளி விரிங்க. ஒரு கிரிஸ்டல் விழுந்தாலும் சட்டுன்னு உடையாது.

முதல்ல ஈரம் கிடையாது. மெத்துன்னு உள்ள பெயிண்ட் பிரஷால மேலேர்ந்து கீழ தட்டிவிடுங்க. வாய் மேல பாத்த ஷேடுக்குள்ள செத்த ஈசல் கிடக்கும், அதையும் இப்பமே எடுங்க. ஈரம் பட்டா அது சேறாயிரும்.

பிறகு அரை லிட்டர் இளஞ்சூட்டு வெள்ளத்துல அரை டீஸ்பூன் பாத்திரம் கழுவுத திரவம். அதுக்கு மேல வேண்டாம், நுரை கூடினா அதை எடுக்கவே தனி வேலை. இன்னொரு பாத்திரத்துல பேட்டரிக் கடையில விக்க டிஸ்டில்டு வாட்டர். கிணத்து வெள்ளமோ போர் வெள்ளமோ எடுத்தா, காஞ்ச பிறகு வெள்ளை வட்டம் வட்டமா சுண்ணாம்புக் கறை நிக்கும்.

பருத்திக் கையுறை மூணு ஜோடி வச்சுக்கோங்க. முதல் ஜோடியை சோப்பு வெள்ளத்துல நனைச்சு, சொட்டு நிக்குத வரைக்கும் பிழிஞ்சு மாட்டுங்க. ஒரு கை கிரிஸ்டலை அடியில தாங்கணும், மறு கை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பட்டை பட்டையாத் துடைக்கணும். கீழ இழுக்காதீங்க, கம்பிப் பின்னோட வாய் திறந்துரும். பத்துப் பன்னிரண்டு கிரிஸ்டல் ஆனதும் ரெண்டாவது ஜோடி, டிஸ்டில்டு வாட்டர்ல நனைச்சுப் பிழிஞ்சது. உடனே மூணாவது, காய்ஞ்சது. மொத்தத்துக்கும் சோப்பு போட்டுட்டு அப்புறமா அலசலாம்னு நெனச்சா, சோப்பு காஞ்சு படலமாயிரும். கையுறை சாம்பல் நிறமானதும் அலசுங்க, இல்லைன்னா அழுக்கை இடம் மாத்துத வேலைதான் நடக்கும்.

கண்ணாடின்னு உறுதியானா, கடைசியில ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மூணு பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து, கையுறையில தொட்டு ஒரு ஓட்டு ஓட்டலாம். பளபளப்புக்குத்தான் அது, பிசுக்கு எடுக்க அல்ல. பக்கத்துல அடுப்போ ஊதுபத்தியோ எரியக் கூடாது, தீப்பிடிக்குத சரக்கு. சானிடைசரை ஊத்தி ஒப்பேத்தலாம்னு பாக்காதீங்க, அதுல பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், மறுபடியும் ஒட்டும்.

ஷேடுக்கு வந்தா, பளபளப்பான கண்ணாடி சுலபம். இறுகின இடத்துல சோப்புத் துணியைச் சுத்தி அஞ்சு நிமிஷம் விடுங்க, ஊறி வந்துரும். பாத்திரம் தேய்க்குத நாரை எடுக்காதீங்க. மங்கலான ஃப்ராஸ்டட் கண்ணாடி சொரசொரப்பா இருக்கதனால எண்ணெயைப் பிடிச்சு வச்சுக்கிடும். அதை ஒரே மூச்சுல முழு ஷேடையும் துடைக்கணும், பாதியில விட்டா திட்டு தெரியும். பூ வரைஞ்சதோ தங்க விளிம்போ இருந்தா, காது குடையுத பஞ்சுக் குச்சியை நனைச்சு ஒரு ஓரத்துல தொட்டுப் பாருங்க. பஞ்சுல நிறம் வந்தா அந்த இடத்துக்குப் பிரஷ் மட்டும்தான். தங்க முலாம் பூசின சட்டத்துக்கு வினிகரும் அமோனியாவும் ஆகாது, காய்ஞ்ச துணி போதும்.

எண்ணெய் போச்சான்னு கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க. கிரிஸ்டல் மேல வாயால ஊதுங்க. ஆவி ஒரே சீரா படிஞ்சு மறைஞ்சா சுத்தம். திட்டுத் திட்டா படிஞ்சா அங்க இன்னும் எண்ணெய் இருக்கு, முதல் கையுறைக்குத் திரும்புங்க.

இன்னொண்ணு, மறுபக்கம் துடைக்க வசதியா விளக்கைத் திருப்புவாங்க. திருப்பவே கூடாது. நிறைய விளக்கு மேல திருகு போட்டு மாட்டினது, திருப்பத் திருப்ப மரை கழண்டு மொத்தமும் தலையில வந்துரும். ஏணியை நகத்துங்க, நீங்க சுத்தி வாங்க.

அக்ரிலிக் வச்சிருக்கவங்க மட்டும் கேளுங்க: காய்ஞ்ச துணியால அழுத்தித் தேய்க்காதீங்க. தேய்ச்சா அதுல மின்னேத்தம் வந்து, தூசியை அதுவே இழுத்துக்கிடும். லேசா ஈரமுள்ள துணியால ஒத்தி எடுத்து, தன்னால காய விட்டாப் போதும்.