எட்டுத் துண்டில் முக்கால்: எண்ண வேண்டியது எதை?

[திரை: மேலிருந்து பார்த்த வட்டமான கேக். நடுப்புள்ளி வழியாக நான்கு முறை கத்தி ஓடுகிறது. எட்டுத் துண்டுகள்.]

குரல்: இந்தக் கேக்கில் எட்டுத் துண்டுகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே அளவு. இதில் முக்கால் பங்கை எடுத்துவைக்கச் சொன்னால் எத்தனை துண்டு எடுப்பீர்கள்?

பின்னம் படிக்கத் தொடங்கிய பிள்ளைகள் பலர் மூன்று துண்டை எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். ¾ என்று எழுதியிருக்கிறது, மேலே 3 இருக்கிறது, மூன்றை எடுத்தாயிற்று. கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. எண்ணியதில் ஒரு பிழையும் இல்லை. எதை எண்ணுவது என்பதில்தான் பிசகு.

[திரை: 'முக்கால்' என்ற சொல். அது மெதுவாகப் பிரிந்து 'மூன்று', 'கால்' என்று இரண்டாகிறது.]

குரல்: சொல்லைப் பிரித்தாலே விஷயம் வெளியே வந்துவிடும். முக்கால் என்றால் மூன்று கால். மூன்று பென்சில், மூன்று பந்து என்பதைப் போலத்தான் இதுவும். எத்தனை? மூன்று. எது மூன்று? கால். துண்டு என்ற பேச்சே அந்தச் சொல்லில் இல்லை. அப்படியானால் எண்ணத் தொடங்கும் முன்பே, இந்தக் கேக்கில் 'ஒரு கால்' எது என்று தெரிந்தாக வேண்டும்.

[திரை: நான்கு காலித் தட்டுகள் வரிசையாக.]

குரல்: கால் என்பது, முழுவதையும் நான்கு சம பங்காகப் போட்டால் கிடைக்கும் ஒரு பங்கு. அதனால் நான்கு தட்டு வைப்போம். தட்டுக்கு ஒரு துண்டாக ஒரு சுற்று வைக்கிறோம். நான்கு துண்டு போயிற்று, இன்னும் நான்கு இருக்கிறது. இன்னொரு சுற்று. மீதி எதுவும் இல்லை. இப்போது ஒவ்வொரு தட்டிலும் இரண்டு துண்டு.

அந்த ஒரு தட்டுதான் கால். அதற்குள் இரண்டு துண்டு இருந்தாலும், நமக்கு அது ஒன்றே ஒன்று.

[திரை: தட்டுகள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

குரல்: இப்போது தட்டுகளை எண்ணலாம். ஒரு தட்டு, கால். இரண்டு தட்டு, அரை. மூன்று தட்டு, முக்கால். இங்கே நிறுத்தி, எடுத்த தட்டுகளில் உள்ள துண்டுகளைப் பாருங்கள். இரண்டு, நான்கு, ஆறு. எட்டுத் துண்டில் முக்கால், ஆறு துண்டு.

[திரையில் எழுத்து:]
8 ÷ 4 = 2
2 × 3 = 6

குரல்: இந்த இரண்டு வரியில் ஒவ்வொரு எண்ணும் எதைக் குறிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது நல்லது. 8 என்பது துண்டுகள். 4 என்பது தட்டுகள். 2 என்பது ஒரு தட்டில் உள்ள துண்டுகள். 3 என்பது எடுத்த தட்டுகள். 6 என்பது எடுத்த துண்டுகள். இந்தப் பெயர்கள் இல்லாமல் "கீழ் எண்ணால் வகு, மேல் எண்ணால் பெருக்கு" என்று மட்டும் மனப்பாடம் செய்தால், விடை வரும். ஆனால் அடுத்து வரும் குழப்பத்தைத் தடுக்காது.

[திரை: அதே எட்டுத் துண்டுகள். இம்முறை நான்கு நான்காக இரண்டு குவியல்.]

குரல்: கீழே 4 இருப்பதைப் பார்த்து, "தட்டுக்கு நான்கு" என்று பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு தட்டுதான் நிரம்பும். மூன்று தட்டு எடுக்கச் சொன்னால் மூன்றாவது தட்டு இல்லை. சிலர் விடாமல் மூன்று நான்கு பன்னிரண்டு என்று எழுதிவிடுவார்கள். இருப்பதே எட்டு, அதில் முக்கால் எப்படிப் பன்னிரண்டாகும்? அங்கேயே பிடிபட்டுவிடும். கீழ் எண் எத்தனை தட்டு என்று சொல்கிறது. ஒரு தட்டில் எத்தனை துண்டு என்று அது சொல்வதே இல்லை.

பள்ளிக்கணக்கில் இந்தக் கீழ் எண்ணுக்குப் 'பகுதி' என்று பெயர், மேல் எண்ணுக்குத் 'தொகுதி'. பேச்சில் 'ஒரு பகுதி' என்றால் ஒரு பாகம் என்றுதானே அர்த்தம்? அந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் இந்த வீடியோவில் பங்கு, தட்டு என்றே சொல்லிவருகிறோம்.

[திரை: இரண்டு கணக்குகள். '4 துண்டில் ¾', '16 துண்டில் ¾'. இரண்டின் மீதும் சிவப்புக் கோடு.]

குரல்: சொல்லித்தருபவர்களுக்கு ஒரு வார்த்தை. புரிந்ததா என்று சோதிக்க இந்த இரண்டு கணக்கையும் கொடுக்காதீர்கள். நான்கு துண்டில் முக்கால் மூன்று துண்டு. துண்டையே எண்ணும் பிள்ளையும் மூன்று என்றுதான் சொல்லும். பதினாறில் தட்டுக்கு நான்கு வைத்தாலும் நான்கு தட்டுதான் வரும், விடையும் பன்னிரண்டுதான். தவறான வழி சரியான விடையில் போய் ஒளிந்துகொள்கிறது. எட்டோ, பன்னிரண்டோ, இருபதோ கொடுத்தால் உடனே வெளிச்சமாகிவிடும்.

[திரை: புதிய வட்டக் கேக். இம்முறை மேலிருந்து கீழாக மூன்று இணையான வெட்டுகள், சம இடைவெளியில். நான்கு பட்டைகள்.]

குரல்: நான்காகப் பிரித்தால் மட்டும் போதாது, சமமாகவும் இருக்க வேண்டும். இந்தக் கேக்கைப் பாருங்கள். நான்கு பட்டைகளுக்கும் ஒரே அகலம். ஸ்கேல் வைத்து அளந்தால் சரியாக இருக்கும். ஆனால் ஓரத்துப் பட்டை வளைவில் ஒடுங்கிப்போகிறது. அதில் இருப்பது முழுக் கேக்கில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நடுப்பட்டை ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட பத்தில் மூன்று பங்கு. ஓரத்திலிருந்து மூன்று பட்டையை வரிசையாக எடுத்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 80 வந்துவிடும், முக்கால் என்றால் 75தான் வர வேண்டும். வட்டத்தை நடுப்புள்ளி வழியாகவே வெட்டுவது இதற்காகத்தான். பங்குகளின் வடிவம் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. உள்ளே இருக்கும் அளவு சமமாக இருந்தால் போதும்.

[திரை: மீண்டும் எட்டுத் துண்டுக் கேக். ஒரு துண்டு மட்டும் தனியே நகர்கிறது.]

குரல்: துண்டுகளையே எண்ண முடியாதா என்றால், தாராளமாக எண்ணலாம். அதற்கு வேறு பெயர் வேண்டும், அவ்வளவுதான். ஒரு துண்டு என்பது காலில் பாதி. தமிழில் அதற்கு அரைக்கால் என்று பெயரே உண்டு, எண்ணாக எழுதினால் ⅛. மூன்று காலை எடுத்தாலும் ஆறு அரைக்காலை எடுத்தாலும் தட்டில் இருக்கும் கேக் ஒன்றுதான். எண்ணும் அலகு பாதியானதால் எண்ணிக்கை இரட்டிப்பானது.

[திரை: பத்துத் துண்டுகள், நான்கு தட்டுகள்.]

குரல்: கடைசியாக, சமமாகப் பிரியாத ஒரு கணக்கு. பத்துத் துண்டில் முக்கால். இரண்டு சுற்று வைத்ததும் தட்டுக்கு இரண்டு. இரண்டு துண்டு மிஞ்சுகிறது. இங்கேதான் பலர் மிச்சத்தை ஒதுக்கிவிட்டு ஆறு என்று எழுதுவார்கள். ஒதுக்கக் கூடாது, அதுவும் கேக்தான். மிஞ்சிய இரண்டையும் பாதிப் பாதியாக வெட்டினால் நான்கு அரைத்துண்டு கிடைக்கும், தட்டுக்கு ஒன்று. இப்போது ஒரு கால் என்பது இரண்டரைத் துண்டு. மூன்று தட்டு எடுங்கள். இரண்டரை, ஐந்து, ஏழரை.

[திரை: எடுக்காத தட்டு மட்டும் தனியே. அதில் இரண்டரைத் துண்டு. கீழே: 7½ + 2½ = 10]