முதலில் பூசையா, பேச்சா? குழப்பும் கோயில் அறிவிப்பு

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கோயில் வாசலில் இப்படி ஓர் அறிவிப்பு தொங்குவதாக வைத்துக்கொள்வோம்.

(திரையில்: குருக்கள் யார் வந்தார் இருந்து மதுரை பேசுவார் பற்றி காவடி பிறகு பூசை.)

ஆங்கிலத்தில் எண்ணிச் சொல்லுக்குச் சொல் மாற்றிய வாக்கியம் இது. எழுதியவர் சொல்ல நினைத்தது, பூசை முடிந்ததும் பேச்சு என்பதுதான். ஆனால் தமிழறிந்தவர் கடைசிப் பகுதியைப் படித்தால், பேச்சு முதலில், பிறகு பூசை என்றே எடுத்துக்கொள்வார். பூசைக்கு மட்டும் வர நினைப்பவர் ஆற அமர வந்து, திருநீறுகூடக் கிடைக்காமல் திரும்புவார்!

1860 முதல் இந்தியாவிலிருந்து, டர்பன் அமைந்துள்ள நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களில் பெரும்பாலோர் இன்று வீட்டில் ஆங்கிலமே பேசுவதால், இத்தகைய வாக்கியங்கள் இங்கே பிறப்பதில் வியப்பில்லை. வரலாறு இவ்வளவு போதும்.

பொருள் எப்படித் தலைகீழானது? ஆங்கிலத்தில் ‘ஆஃப்டர்’ பெயருக்கு முன்னால் நிற்கும். தமிழில் ‘பிறகு’ பெயருக்குப் பின்னால் வரும். அது மட்டுமன்று, தனக்கு முன்னுள்ள பெயரில் ‘கு’ உருபையும் எதிர்பார்க்கும்: பூசைக்குப் பிறகு. அந்த உருபு இல்லாமல், பெயருக்கு முன்னால் போய் நின்றால், ‘பிறகு’ என்பது ‘அடுத்ததாக’ என்று பொருள்பட்டுவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், ஏனெனில் நம் அறிவிப்பிலுள்ள மூன்று சொற்களும் மூன்று வெவ்வேறு உருபுகளைக் கேட்கின்றன. ‘பற்றி’ கேட்பது ‘ஐ’: காவடியைப் பற்றி. ‘இருந்து’ கேட்பது ‘இல்’: மதுரையிலிருந்து.

‘யார்’ இங்கே வேண்டவே வேண்டாம். அது அறிவிப்பைக் கேள்வியாக்குகிறது. ‘வந்தார்’ என்பதை ‘வந்த’ என்னும் பெயரெச்சமாக்கிக் குருக்களுக்கு முன்னால் வைத்தால் போதும்.

(திரையில்: மதுரையிலிருந்து வந்த குருக்கள் பூசைக்குப் பிறகு காவடியைப் பற்றிப் பேசுவார்.)

வினை கடைசியில் வந்து அமர்ந்ததைப் பாருங்கள். தமிழில் சொற்களை எப்படியும் மாற்றிப் போடலாம் என்று சிலர் வாதிடுவார்கள். அது பாதி உண்மை. ‘காவடியைப் பற்றி’ என்பதையும் ‘பூசைக்குப் பிறகு’ என்பதையும் இடம் மாற்றினாலும் பொருள் கெடாது. பேச்சில் ‘பேசுவார் பூசைக்குப் பிறகு’ என்றுகூடச் சொல்லலாம். உருபேற்ற பெயரும் அதன் பின்வரும் சொல்லும் பிரியாமல் சேர்ந்தே நகர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ‘பூசைக்குப் பிறகு’ என்பதை வாக்கியத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுபோனால் வேறொரு சிக்கல் முளைக்கும்: ‘பூசைக்குப் பிறகு மதுரையிலிருந்து வந்த குருக்கள்’ என்று படிக்கும்போது, குருக்களே பூசை முடிந்துதான் வந்து சேர்ந்தார், பாவம், என்று தோன்றும். ‘பூசைக்குப் பிறகு’ என்பதை அடுத்து ஒரு காற்புள்ளி இட்டால் ஓரளவு தப்பிக்கலாம். ‘பேசுவார்’ என்பதற்கு அருகிலேயே வைப்பது இன்னும் நல்லது.

இப்போது உங்கள் முறை: ‘முன்’ என்ற சொல்லுக்கு எந்த உருபு வேண்டும்? ‘பூசை முன்’ என்றும் ‘பூசைக்கு முன்’ என்றும் எழுதிப் பார்த்து, உங்கள் விடையைக் கருத்துப் பெட்டியில் இடுங்கள்.