சுவர் 80 அடிதான், கணக்கு 100 கேட்கிறது: பட்டிக் கணக்குக்கு ஒரு விளக்கம்

கேள்வி: "ஐயா, வணக்கம்ங்க. தாராபுரம் பக்கம் எங்க ஊரு, பன்னெண்டாவது படிக்கறேன். எங்க ஆட்டுப்பட்டிக்கு 10 அடிப் படல் 20 இருக்குது. ஒரு பக்கம் பழைய கல்கட்டுச் சுவர், நீளம் 80 அடி. மூணு பக்கம் படல் வெச்சு பெரிய செவ்வகமா அடைக்கணும். நீங்க சொன்ன மாதிரி வகையிட்டுப் பூஜ்யம் போட்டா சுவரோரம் 100 அடி வருது. அத்தனை சுவருக்கு எங்க போறது? 80ன்னே வெச்சுக்கலாமுங்களா? ஆனா அங்க வகைக்கெழு பூஜ்யம் இல்லையே, அது எப்படிப் பெருமம் ஆகும்?"

இந்தக் கேள்வி வந்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை தம்பி. புத்தகத்தில் சுவர் எப்போதும் முடிவில்லாமல் நீளும். நம்ம ஊர்ச் சுவர் ஓர் இடத்தில் முடிந்துவிடும். அந்த முடிகிற இடத்தில்தான் கணக்கே இருக்கிறது.

முதலில், 80 சரியா? சரிதான். ஆனால் "100 கிடைக்கவில்லை, அதனால் இருப்பதை வைத்துக்கொள்வோம்" என்ற காரணத்துக்காகச் சரியில்லை. அந்தக் காரணம் இன்னொரு சுவரில் உங்களைக் கைவிட்டுவிடும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

சுவரோர நீளத்தை x என்று வைப்போம். சுவரிலிருந்து வெளியே வருகிற பக்கம் y. மொத்தம் 200 அடிப் படல். ஆக x + 2y = 200, y = (200 − x)/2, பரப்பு A = x(200 − x)/2. வகையிட்டால் 100 − x. பூஜ்யமாக்கினால் x = 100, y = 50, பரப்பு 5000 சதுர அடி. இதுவரை நீங்கள் செய்தது. இப்போது 80 அடிச் சுவரில் அதை வைத்துப் படலை எண்ணிப் பாருங்கள். எதிர்ப்பக்கம் 100, இரண்டு ஓரம் 50, 50. சுவர் முடிந்த பிறகு திறந்து கிடக்கிற 20 அடியையும் அடைக்க வேண்டும். மொத்தம் 220. இரண்டு படல் குறைகிறது, அந்தச் சந்தில் ஆடு போய்விடும். விடை வந்ததும் நீளத்தைத் திரும்பக் கூட்டிப் பாருங்கள் என்று வாய்க்கால் கணக்கு வீடியோவில் கத்தினேனே, அது இதற்குத்தான்.

அப்படியென்றால் தப்பு வகையிட்டதில் இல்லை, சூத்திரத்தில் இருக்கிறது. x(200 − x)/2 என்பது x சுவருக்குள் அடங்கும் வரைக்கும்தான் உண்மை. 80ஐத் தாண்டினால் வேறு சூத்திரம் வேண்டும். அங்கே எதிர்ப்பக்கம் x, சுவர்ப்பக்கம் மீதி x − 80, ஓரம் இரண்டு. கூட்டினால் 2x − 80 + 2y = 200, y = 140 − x, பரப்பு A = x(140 − x). இதை வகையிட்டால் 140 − 2x. பூஜ்யம் x = 70இல் வருகிறது. ஆனால் இந்தச் சூத்திரம் 80க்கு மேலேதான் செல்லும், 70 அதன் எல்லைக்கு வெளியே. முதல் சூத்திரத்தின் பூஜ்யம் 100இல், அதன் எல்லை 80 வரைக்கும். இரண்டு பூஜ்யமும் அடுத்தவன் காட்டில் போய் விழுகிறது!

ஆக 80க்கு இந்தப் பக்கம் 100 − x நேர்மதிப்பு, பரப்பு ஏறிக்கொண்டே வருகிறது. அந்தப் பக்கம் 140 − 2x எதிர்மதிப்பு, பரப்பு இறங்கிக்கொண்டே போகிறது. சரியாக 80இல் சேரும்போது இடப்பக்கச் சாய்வு +20, வலப்பக்கச் சாய்வு −20. ஓட்டு வீட்டு முகடு மாதிரி. முகட்டில் கூரைக்குச் சாய்வு எவ்வளவு என்று கேட்டால் பதில் கிடையாது, ஆனாலும் வீட்டில் அதைவிட உயரமான இடம் இல்லை. பெருமம் வருகிற உள் புள்ளியில் வகைக்கெழு பூஜ்யமாக இருக்கும், அல்லது வகைக்கெழுவே இருக்காது. பாடத்திலும் இந்த இரண்டாவது பாதி இருக்கிறது. நாம்தான் முதல் பாதியோடு பேனாவை மூடிவிடுகிறோம்.

இந்த +20, −20 எங்கிருந்து வருகிறது என்பதைப் படலை வைத்தே சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. x = 80, y = 60 என்று நிற்கிறீர்கள். சுவருக்குள் இருக்கும்போது நீளத்தை ஓர் அடி கூட்ட ஓர் அடிப் படல்தான் வேண்டும். அதை இரண்டு ஓரத்திலிருந்தும் அரை அரை அடியாக எடுப்பீர்கள். வரவு 60 சதுர அடி, செலவு 80இல் பாதி, 40. லாபம் 20. சுவரைத் தாண்டிவிட்டால் அதே ஓர் அடிக்கு முன்னும் பின்னும் அடைக்க இரண்டு அடிப் படல் வேண்டும். ஓரங்கள் முழு அடி குறைகின்றன. வரவு அதே 60, செலவு 80. நஷ்டம் 20. சுவர் முடிகிற இடத்தில் வேலியின் விலை சட்டென்று இரட்டிப்பாகிறது, அதனால்தான் வளைவு முறிகிறது.

சரி, இப்போது அந்தக் கைவிடுகிற சுவர். உங்கள் சுவர் 60 அடி என்று வைப்போம். "இருப்பதை வைத்துக்கொள்வோம்" என்றால் 60க்கு 70, பரப்பு 4200. ஆனால் தாண்டிப் போகிற சூத்திரத்தைப் பாருங்கள்: 2x − 60 + 2y = 200, y = 130 − x, பரப்பு x(130 − x). பூஜ்யம் 65இல் வருகிறது. 65, 60க்கு மேலே, அதாவது அதன் சொந்த எல்லைக்குள்ளேயே. ஆக சுவரை 5 அடி தாண்டி, 65க்கு 65 சதுரமாக அடைத்தால் 4225. சுவர் முடிந்த இடத்தில் நிற்பது சரியில்லை, கொஞ்சம் வெளியே போக வேண்டும். இதே வேலையைப் பொதுவாகச் சுவர் நீளம் W என்று போட்டுச் செய்தால், தாண்டுகிற சூத்திரத்தின் பூஜ்யம் (200 + W)/4இல் வரும். அது Wஐவிடப் பெரிதாக இருக்க W, 200/3க்குக் குறைவாக இருக்க வேண்டும், அதாவது சுமார் 66 அடி 8 அங்குலம். அதற்குக் குறைந்த சுவர் என்றால் தாண்டிச் சதுரம். அதற்கும் 100க்கும் நடுவே என்றால் சுவர் முடிகிற இடத்தில் நில். 100க்கு மேல் என்றால் புத்தக விடை. உங்கள் 80 நடு வகை.

சதுரம் என்றதும் எங்கள் மாமா ஞாபகம் வருகிறது. காங்கயம் பக்கம் கொறங்காடு, சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும். நான் கல்லூரியில் படித்த காலத்தில், "மாமா, ஒரே நீள வேலிக்கு வட்டமாகப் போட்டால்தான் இடம் அதிகம்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "அப்ப நாலு மூலையில கெடக்கற காட்டை ஆருக்குங்க மாப்ளே குடுக்கறது?" என்றார். செவ்வகம் என்று கணக்கு ஏன் முதலிலேயே கட்டிப்போடுகிறது என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் நான் இன்னும் கேட்கவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றைக் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும்: "அளவு கொஞ்சம் பிசகினால் எவ்வளவு போகும்?" வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், நான் எங்கே சுற்றினாலும் கெப்ளரிடம் வந்துவிடுவேன். லின்ஸ் நகரத்தில் குடியிருந்தபோது, 1613இல், அவருக்கு இரண்டாவது கல்யாணம். திராட்சை மது வாங்கும்போது வியாபாரி பீப்பாய்க்குள் ஒரு கோலைச் சாய்வாக விட்டு, நனைந்த நீளத்தை வைத்தே விலை சொன்னார். மனுஷனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 1615இல் பீப்பாய்க் கொள்ளளவு பற்றி ஒரு புத்தகமே போட்டார். அதில் அவர் கவனித்தது, பெருமத்துக்குப் பக்கத்தில் அளவு சற்று மாறினாலும் கொள்ளளவு ஏறக்குறைய மாறுவதில்லை என்பது. வகைக்கெழு பூஜ்யம் என்று நாம் சொல்வதன் பொருள் அதுதான்.

நீளமான சுவரில் 100க்குப் பதில் 99 வைத்தால் பரப்பு 4999.5. அரைச் சதுர அடிதான் போகிறது. 90 என்று பத்தடி தப்பினாலும் 4950, போவது 50. இப்போது உங்கள் 80 அடிச் சுவர். பெருமம் 80 × 60 = 4800. ஓர் அடி குறைத்து 79 வைத்தால் 4779.5, ஓர் அடி கூட்டி 81 வைத்தால் 4779. ஒரே அடியில் இருபதுக்கு மேல் போய்விட்டது. 90 வைத்தால் 4500, 300 சதுர அடி காலி. மழமழவென்று வளைந்த உச்சி தப்பை மன்னிக்கும், முறிந்த உச்சி மன்னிக்காது. அதனால் உங்கள் பட்டியில் டேப் பிடிக்க வேண்டிய இடம் சுவரின் முனைதான்.

படல் முழுசு முழுசாகத்தான் வைக்க முடியும் என்பதும் இங்கே பேசும். 60 அடிச் சுவராக இருந்தால் 65க்கு 65 வராது. 60க்கு 70, இல்லை 70க்கு 60, இரண்டும் 4200. போவது 25 சதுர அடி, அது மன்னிக்கிற உச்சி, கவலையில்லை. உங்களுக்கு அந்தத் தொல்லையும் இல்லை. ஓரத்துக்கு ஆறு, எதிரே எட்டு, மறு ஓரத்துக்கு ஆறு, இருபதும் போய்விட்டது. 4800 சதுர அடி, 11 சென்ட் வருகிறது.

குட்டிகளைத் தனியாக அடைக்க நடுவில் சுவருக்குக் குறுக்காக ஒரு தடுப்பு வேண்டுமென்றாலும் சுவரோரம் 80தான். இப்போது y மூன்று தடவை வரும், சூத்திரங்கள் x(200 − x)/3, x(280 − 2x)/3 என்று ஆகும், ஆனால் பூஜ்யங்கள் அதே 100, அதே 70. y மட்டும் 40 ஆகிறது. ஓரத்துக்கும் தடுப்புக்குமாக நான்கு, நான்கு, நான்கு, எதிரே எட்டு. பரப்பு 3200.